குக்கர் மூடிக்கு வந்த கடிதம்

எங்கள் இரண்டு குடும்பத்திலும் பெண்களில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கொழுந்தன் மனைவி, என் ஓர்ப்படிக்கு அதுவும் தெரியாது. கொழுந்தன் குடவாசல் ரைஸ் மில்லில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். அதனால் தபால் எது வந்தாலும் அவள் என்னிடம்தான் கொண்டுவருவாள்.

அவள் அப்பா எங்கள் மாமனாரின் குத்தகைக்காரர். வழக்குப் போட்டு, குத்தகைப் பதிவு வாங்கி, ஆற்றங்கரை நிலத்தில் உட்கார்ந்தவர். அவர் மகளைத்தான் கொழுந்தன் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டார். அந்த நிலத்து நெல்லை விற்றுத்தான் மகளுக்குக் குக்கர் வாங்கிக் கொடுத்தார். கடையிலேயே அதன் வயிற்றில் தன் பெயரையும் பெரிதாக வெட்டச் சொல்லியிருந்தார். அடுத்த வருஷம் செத்துப்போனார். அவள் கொல்லையில் தேய்த்துக் கவிழ்க்கும்போதெல்லாம் அந்தப் பெயர் என்னைப் பார்த்தபடி இருக்கும்.

ஒரு திங்கட்கிழமை கும்பகோணத்துக் கடையிலிருந்து கடிதம் வந்தது. வாரண்டி அட்டை அனுப்பியவர்களுக்கெல்லாம் போட்டிருந்தார்கள். மெல்ல மெல்லப் படித்தேன். சில மூடிகளில் சேஃப்டி வால்வு சரியில்லை, ஆவி அடைத்துக்கொண்டால் மூடி பிய்த்துக்கொண்டு போகும், உடனே சமைப்பதை நிறுத்துங்கள். மூடியின் கைப்பிடிக்கு அடியில் உள்ள எண்ணைப் பாருங்கள், இந்த எண்ணாக இருந்தால் மூடியை மட்டும் கொண்டுவாருங்கள், ரசீது வேண்டாம், புது மூடி இலவசம். அவளைக் குக்கரை எடுத்துவரச் சொல்லி எண்ணை ஒத்துப் பார்த்தேன். அதேதான்.

அவளிடம் வெடிக்கும் என்று சொன்னேன். உள்ளதுதானே. பிறகு, பாத்திரத்தோடு கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும், புதிது தருவார்கள் என்றேன்.

"புதுசுல எங்கப்பா பேரு இருக்குமாக்கா?"

"கம்பெனிக்காரனுக்கு ஒங்கப்பன் யாரு?"

அவள் குக்கரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அந்தப் பேரு உங்க கண்ணை உறுத்துதுக்கா. அதுக்குத்தான் வெடிக்கும்ங்கிறீங்க" என்று சொல்லிக் குக்கரை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

மூடி மட்டும் போதும் என்று கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். குத்தகைக்காரன் மகள் என்னைப் பொய்க்காரி என்ற பிறகு நான் ஏன் இறங்கிப் போக வேண்டும்? கடிதத்தை மடித்து அரிசிப் பானைக்கு அடியில் வைத்தேன். மறுநாளும் அவள் வீட்டில் விசில் கேட்டது. என் வேலையைப் பார்த்தேன்.

புதன்கிழமை காலையில் விசில் வரவில்லை, சத்தம்தான் வந்தது. ஓடிப் போனேன். மூடி பறந்து கூரை ஓட்டைப் பெயர்த்திருந்தது. கொதிக்கும் பருப்பு அவள் கழுத்திலும் முகத்திலும் ஒட்டியிருந்தது.

இடது கண்ணில் இனிப் பார்வை வராது என்று தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கொழுந்தன் கடைக்குப் போய் விசாரித்துக்கொண்டு வந்தார். நான் கஞ்சி கொண்டுபோனபோது அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"மூடி மட்டும் போதும்னு எழுதியிருந்துச்சாமேக்கா?"

அதுவரை யாரிடமும் சொல்லாததை அன்று சொன்னேன்.

"எனக்கு என்னடி படிக்கத் தெரியும்?"