இடது மூலையில் ஒரு யானை

என் அக்காள் கணவர் ஜார்ஜ் டவுனுக்கும் பட்டர்வொர்த்துக்கும் இடையே கடலில் ஓடும் ஃபெரிப் படகில் சுக்கான் பிடித்தார். நான் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி. அடுத்த படகுக்கு நேரமாகும் வரை துறைக்கு எதிரே கோப்பிக்கடையில் சதுரங்கம் ஆடுவோம். அவரிடம் நான் மண்ணைக் கவ்வாத நாள் இல்லை. தோற்றதுகூடப் பரவாயில்லை, ஜெயித்துவிட்டு மீசையைத் தடவுவாரே, அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சிங்கப்பூர் நண்பர் ஒருவர் ஆங்கிலப் பத்திரிகையில் வரும் சதுரங்கப் புதிரைப் புகைப்படம் எடுத்து அனுப்புவார். அன்று வந்த படத்தில் காய்கள் குறைவு. மேல் வரிசையின் வலப்பக்கம் கறுப்பு ராஜா, தன் மூன்று சிப்பாய்களுக்குப் பின்னால் அடைபட்டுக் கிடந்தார். அதே வரிசையின் இடது மூலையில் ஒரு கறுப்பு யானை. கீழே, நடுவில், வெள்ளை ராணி. அவளுக்கு நேர் பின்னால் வெள்ளை யானை. வெள்ளை ஆடி இரண்டு நகர்த்தலில் மேட் செய்ய வேண்டும்.

காலையிலேயே விடையைக் கண்டுபிடித்துவிட்டேன். ராணியை மேல் வரிசைக்கு ஏற்றிப் பலி கொடுக்க வேண்டும். கறுப்பு யானை அவளை வெட்டியே தீர வேண்டும், வேறு வழியில்லை. பின்னாலிருக்கும் வெள்ளை யானை போய் அதை வெட்டினால் ராஜாவுக்குப் போக்கிடம் கிடையாது. இன்றைக்காவது இந்த மனிதர் திணறட்டும் என்று படத்தை நீட்டினேன்.

வாங்கிப் பார்த்த மாத்திரத்தில் சிரித்தார்.

"ராணிய மேல ஏத்து, மேட். இதுக்கு எதுக்கு மாப்ளே ரெண்டு நகர்த்தல்? பத்திரிகைக்காரன் தூங்கிட்டான்லா!"

"ராணிய வெட்டிடுவாங்களே, மச்சான்?"

"எத வச்சு வெட்டுவான்? அந்த வரிசையில ராஜா மட்டுந்தானே இருக்கான்."

கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். முகத்தில் கேலி இல்லை. அவருடைய இடது கைப்பக்கம் கோப்பி தொடாமலே ஆறிப்போயிருந்தது. படத்தின் இடது மூலையில் விரலை வைத்தேன். அவர் கண் அந்த விரலுக்கு வரவே இல்லை.

இன்னும் சற்று நேரத்தில் படகு நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு, கப்பல்களும் சின்னப் படகுகளும் குறுக்கும் நெடுக்குமாகப் போகும் கடலில் இவர் சுக்கான் பிடிக்கப் போகிறார்.

"மச்சான், இன்னைக்கு நீங்க போக வேணாம். இடப்பக்கம் உங்களுக்குத் தெரியல."

"என் சோத்துல மண்ணப் போடாதே!" என்று எரிந்து விழுந்தார்.

ஆனாலும் படத்தைக் கீழே வைக்கவில்லை. ராஜா நின்ற கட்டத்தில் விரலை வைத்து, தலையையும் கூடவே திருப்பிக்கொண்டு, கட்டம் கட்டமாக இடப்பக்கம் நகர்த்தினார். கடைசிக் கட்டத்தில் விரல் நின்றது. அந்த யானையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

துறையில் சங்கு ஊதியது. அவர் எழுந்திருக்கவில்லை.

"போன வாரம் நடுக்கடல்ல இடப்பக்கம் ஏதோ இடிச்சுச்சு மாப்ளே," என்றார். "மிதக்குற கட்டைன்னு நெனச்சு, நிக்காம வந்துட்டேன்."