எந்தக் கோடு நேர்

பங்களாவுக்குப் பின்னால் கண்ணாடி வீடு எழும்பிய வருஷம் எனக்கு இருபத்துமூன்று வயது. அதற்கு முன் ஐந்து வருஷமாகத் தோட்டத்து நாற்றுத் தவறணையில் தேயிலைக் கன்றுகள் வளர்த்துக்கொண்டிருந்தேன். கயிறு பிடித்து வரிசை போடுவதில் எனக்கு ஒரு பேர் இருந்தது. தோட்டத்துரையின் மனைவி, எங்கள் துரைசாணி, தன் பூச்செடிகளுக்கு ஆள் கேட்டபோது, வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா, ஆள் பிரிக்கிற காலைப் பெரட்டில் என்னைத்தான் கூப்பிட்டார். இனி என்னை மழையில் கொழுந்துக் கூடையோடு மலை ஏற அனுப்ப மாட்டார்கள் என்று அம்மாவுக்கு அப்படியொரு சந்தோஷம்.

வீடு பெட்டி பெட்டியாகக் கப்பலில் வந்து, ஹட்டன் ஸ்டேஷனிலிருந்து லொறியில் ஏறி வந்தது. வைக்கோலுக்குள் கண்ணாடிகள், எல்லாம் ஒரே அளவு. மெல்லிய இரும்பு விலாக்கள், வெள்ளைப் பூச்சு அடித்தவை. ஒவ்வொன்றையும் நான் ஒருத்தியே தூக்கிவிடலாம். இவ்வளவு ஒல்லியான இரும்பு அத்தனை கண்ணாடியையும் எப்படித் தாங்கும் என்று எனக்குப் புரியவில்லை. நாவலப்பிட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கொத்தனார் முழங்கால் உயரத்துக்குச் சுற்றுச்சுவர் கட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். தேயிலை ஃபாக்டரியின் ஃபிட்டர் அந்தச் சுவர்மேல் விலாக்களை நிறுத்தினார். அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். நாற்பதைத் தாண்டிய மனிதர், அதிகம் பேச மாட்டார். ஞாயிறு பூசைக்குத் தவறாமல் போவார்.

இடது சுவரில் ஒரு கால், வலது சுவரில் ஒரு கால், நடுவில் வளைந்து கூரை. இப்படிப் பன்னிரண்டு விலா. ஒவ்வொரு இரண்டு விலாவுக்கும் நடுவில் கண்ணாடிகளைப் பதித்து, சுண்ணாம்புத் தூளையும் எண்ணெயையும் பிசைந்த மக்கை ஓரத்தில் இழுத்துவிட்டார். உள்ளே நின்று அண்ணாந்தால் வானம் முழுக்கக் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. பள்ளிக்கூடத்துக் கணக்குக் கொப்பிக்குள் நிற்கிற மாதிரி இருந்தது.

என் வேலை தரையில். ஒவ்வொரு விலாவுக்கும் நேர் கீழே இடச்சுவரிலிருந்து வலச்சுவர் வரை ஒரு வரிசைச் செடி. மேலே இரும்புக் கோடு, கீழே பச்சைக் கோடு. அதுதான் துரைசாணியின் ஆசை. நான் பின்சுவரிலிருந்து ஆரம்பித்தேன். அளவுக்கோலைச் சுவரில் முட்டவைத்து இரண்டு பக்கமும் ஒரே அளவு எடுத்து, முளை அடித்து, கயிறு கட்டினேன். பிகோனியா, ஜெரேனியம், கார்னேஷன் நாற்றுகள். நாலு நாளில் பன்னிரண்டு வரிசையும் முடிந்தது.

ஐந்தாம் நாள் துரைசாணி வந்தார். கதவருகே நின்றார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார், மறுபக்கம் சாய்த்தார்.

"வீடு கோணல்," என்றார், தனக்குத் தெரிந்த தமிழில்.

கூட வந்த கண்டாக்கையா ஃபிட்டரைப் பார்த்தார். "என்னப்பா இது? தொரசாணி கோணலாயிருக்குனு சொல்றாங்க."

"இல்லீங்களே ஐயா. மட்டம் பாத்துத்தான் நிறுத்துனேன்."

அண்ணன் ரசமட்டத்தை எடுத்து இரும்பின்மேல் வைத்துக் காட்டினார். குமிழி நடுவில் போய் நின்றது. தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். அதுவும் விலாக்காலை ஒட்டியே நின்றது. எல்லாம் சரி. ஆனால் நான் கதவருகே போய் நின்று பார்த்தபோது வீடு கோணலாகத்தான் இருந்தது. எங்கே கோணல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கண்ணாடிக்குப் பின்னால் தேயிலை மலை இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் இறங்கிப் போகிறது. அதனால் அப்படித் தெரிகிறதோ என்று நினைத்தேன். ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். அப்போதும் கோணல்தான். அண்ணனும் வந்து பார்த்தார். அவர் முகம் மாறியதைக் கண்டேன்.

"மட்டம் சரின்னு சொல்லுது. கண்ணு இல்லேங்குது," என்றார். "எத நம்புறது?"

துரைசாணி கண்டாக்கையாவிடம் இங்கிலீஷில் நீளமாக என்னவோ சொன்னார். கண்டாக்கையா அதைச் சுருக்கிச் சொன்னார்: "ரெண்டு நாளையில நேராக்கணும்."

செடி வரிசையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. என் அளவு சரி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என் வரிசைகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஏன் என்று அப்போது புரியவில்லை.

மறுநாள் காலை அண்ணன் கடைசி மூன்று விலாக்களின் வலப்பக்கக் கண்ணாடிகளைக் கழற்றினார். மக்கு இன்னும் இறுகாததால் கத்தியால் சீவ வந்தது. பிறகு விலாக்கால்களின் முறுக்காணிகளைத் தளர்த்தினார். காலில் துளை நீளமாக இருக்கும். ஒரு விரல் அளவுக்கு முன்னும் பின்னும் நகர்த்தலாம். என்னைக் கதவருகே நிற்கச் சொன்னார்.

"கண்ணுக்குச் சரியாப் படுறப்ப சொல்லு தங்கச்சி."

அவர் தட்டத் தட்ட நான் பார்த்தேன். மூன்று விலாவும் பின்பக்கம் ஒரு விரல் நகர்ந்ததும், அந்த இடத்தில் ஏதோ பரவாயில்லைபோலத் தெரிந்தது.

"இப்பக் கொஞ்சம் பரவால்லண்ணே," என்றேன். அப்படிச் சொன்னதற்கு இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம் வருவதுண்டு.

முறுக்காணியை இறுக்கிவிட்டு, கழற்றிய கண்ணாடியைத் திரும்ப வைத்தார். அது உட்காரவில்லை. மேல் மூலையில் விரல் நுழைகிற இடைவெளி; எதிர் மூலையில் இரும்பு முட்டியது. காலைவரை அதே இடத்தில் இருந்த அதே கண்ணாடி. மெல்ல அழுத்தினார். 'டக்' என்று ஒரு சத்தம். மூலையிலிருந்து மூலைக்குக் கீறல் ஓடியது. இரண்டாவதும் அப்படியே போனது. மூன்றாவதை அவர் வைக்கவில்லை; கட்டத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"கண்ணாடி சதுரம் மாறாது. அப்ப நான்தான் கட்டத்தக் கோணலாக்கிட்டேன்," என்றார். "அப்ப மொதல்ல இருந்தது நேரு. நேரா இருந்தது ஏன் கோணலாத் தெரிஞ்சுச்சு?"

அந்த நேரம் பார்த்துக் கண்டாக்கையா வந்தார். உடைந்த கண்ணாடியைக் கண்டதும் சத்தம் போட்டார். இப்படிக் கண்ணாடி இந்த ஊரில் எங்கே கிடைக்கும், ஃபாக்டரி வேலையைத்தான் ஒழுங்காகப் பார்க்கிறாயா என்றெல்லாம் கேட்டார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஒரு பெண்பிள்ளைக்கு முன்னால் அப்படித் திட்டு வாங்கியது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

கண்டாக்கையா போன பிறகு நான் அளவுக்கோலை எடுத்தேன். யாரும் சொல்லி அல்ல. பின்சுவரிலிருந்து என் கடைசி வரிசையை அளந்தேன். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே அளவு. என்மேல் தப்பில்லை. பிறகு, அண்ணன் கை வைக்காத நடு விலா ஒன்றைப் பின்சுவரிலிருந்து அளந்தேன். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் இரண்டு விரல் வித்தியாசம். திரும்ப அளந்தேன். அதே இரண்டு விரல்.

என் வரிசை சுவருக்கு நேர். அவருடைய விலா மட்டத்துக்கு நேர். இரண்டும் சரியென்றால் இரண்டுக்கும் நடுவில் இந்த இரண்டு விரல் எங்கிருந்து வந்தது? அளவுக்கோல்மேலேயே சந்தேகம் வந்து, அதைத் திருப்பிப் பிடித்தும் அளந்து பார்த்தேன்.

"அண்ணே, இங்க கொஞ்சம் வாங்களேன்."

நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். என் கயிற்றை வாங்கி, சுவரின் உள்மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் குறுக்காக இழுத்துப் பிடித்து முடிச்சுப் போட்டார். பிறகு மற்ற இரண்டு மூலைக்கும் அதே கயிறு; மூலைகள் நேராயிருந்தால் இரண்டு குறுக்கும் ஒரே நீளம் வர வேண்டும். முடிச்சு மூலைக்கு எட்டவில்லை. விலாக்களின் கால்களுக்கும் அப்படியே பிடித்துப் பார்த்தோம், முதல் விலாவிலிருந்து அவர் நகர்த்தாத கடைசி விலா வரை. அங்கே இரண்டு குறுக்கும் மயிரிழை பிசகாமல் ஒரே நீளம்.

"செவரு," என்றார். "பின்செவரு மூலைமட்டத்துல இல்ல. நான் கதவுப் பக்கமிருந்து பிடிச்சேன், நீ பின்செவருலேர்ந்து பிடிச்சே. செவரு அகலமாயிருந்ததால இரும்பு எப்படியோ மேல ஒக்காந்துருச்சு, கோணல் எனக்குத் தெரியல."

"அப்ப வீடு கோணல் இல்லையா?"

"வீடு நேரு. ஒன் வரிசைதான் வீட்டுக்குக் கோணல், அதப் பாத்துத்தான் வீடு கோணலாத் தெரிஞ்சுச்சு. ஆனா ஒன் வரிசையும் தப்பில்ல."

எனக்குப் பாதிதான் புரிந்தது. தப்பில்லாத வரிசை எப்படிக் கோணலாகும்? அவருக்கு உடைந்தது இரண்டு கண்ணாடி. எனக்கு ஒரு திட்டுகூட இல்லை. இதெல்லாம் எந்தக் கணக்கில் சேரும் என்றும் தெரியவில்லை.

சுவரை இனி இடிக்க முடியாது. அன்று மத்தியானமே அவர் விலாக்களைப் பழைய இடத்துக்கு நகர்த்தினார். பிறகு ஒவ்வொரு விலாவிலும் இடப்பக்கம் ஒரு தூக்குக்குண்டு, வலப்பக்கம் ஒரு தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிட்டார். இரண்டு குண்டின் நுனிக்கும் நேராக நான் முளை அடித்துக் கயிறு இழுத்தேன். பின்சுவர்ப் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை. நாற்றுகளை மண்ணோடு பெயர்த்து, மறுநாள் சாயங்காலம் வரை நட்டேன். வலப்பக்கம்தான் அதிகம் நகர்ந்தது. இடப்பக்கச் செடிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. கடைசி வரிசைக்கும் பின்சுவருக்கும் நடுவில் ஒரு பக்கம் அகலமாக, மறுபக்கம் ஒடுங்கி மிஞ்சிய மண்ணில் பாசியையும் நிழலில் வளரும் சின்னப் பன்னச் செடிகளையும் வைத்து மூடினேன்.

துரைசாணி வந்து கதவருகே நின்றார். தலையைச் சாய்க்கவில்லை. உடைந்த இரண்டு இடத்திலும் பலகை வைத்து அடைத்திருந்தது. அதைப் பார்த்து முகம் சுளித்துவிட்டு, பிறகு ஃபிட்டரைப் பார்த்துச் சிரித்தார்.

"இப்ப வீடு நேர்," என்றார்.

வீடு அசையவே இல்லை, வரிசையைத்தான் மாற்றினோம் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். கண்டாக்கையா என் பக்கம் திரும்பி, "சும்மா இரு. அவங்களுக்குத் திருப்தி," என்றார் மெல்ல.

வெளியே வந்து கைகழுவும்போது அண்ணனிடம் கேட்டேன். "மொதநாளே என் வரிசை மேல என்னமோ சந்தேகம் வந்துச்சுண்ணே. வாயத் தொறந்திருந்தா கண்ணாடி ஒடஞ்சிருக்காதுல்ல?"

அவர் கை ஈரத்தை இடுப்புச் சாரத்தில் துடைத்தார். "என்னன்னு சொல்லியிருப்பே?"

அவர் ஃபாக்டரிப் பாதையில் இறங்கிப் போனார். நான் எங்கள் லயத்து வீட்டுக்குப் போகிற வழியில், இரண்டு பக்கமும் வளைந்து வளைந்து போகிற தேயிலை நிரைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அவற்றில் நேர் எது என்று என்னால் சொல்ல முடியவில்லை.