பத்துக்கும் பதிமூன்றுக்கும் இடையே

அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. மெட்ராஸில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். எழுபதுகளின் பிற்பகுதியில் விருத்தாசலத்துக்காரன் ஒருவனுக்குத் தலைக்கனம் ஏற அது போதும். போதாததற்கு, எங்கள் ஊர் பீங்கான் சோதனை லேப் ஒன்றின் வேலையே என் கைக்கு வந்தது. ஊரில் வீட்டில் தங்கிக்கொண்டு, மெட்ராஸுக்குப் போய்வந்து அதைச் செய்தேன்.

அந்த லேபில் பல ஊர் மண்ணையும் கலந்து, விரல் நீளத்துக்கு டெஸ்ட் பீஸ் செய்து சூளையில் சுடுவார்கள். வெந்த பிறகு அது எத்தனை சதவீதம் சுருங்கியது என்று அளந்து எழுதுவார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பீஸ் அலமாரியில் சேர்ந்துவிட்டது. சுருக்கம் பத்திலிருந்து பதிமூன்று சதவீதத்துக்குள் உள்ளவை மட்டும் அடுத்து எத்தனை பாரம் தாங்கும் என்று பார்க்கும் பலச் சோதனைக்குப் போகும். மற்றவற்றைக் கிரஷரில் போட்டுப் பொடியாக்கிப் புதுக் கலவையில் சேர்த்துவிடுவார்கள். சுட்ட மண்ணை வீணாக்கக் கூடாது என்பது அங்கே சட்டம் மாதிரி.

அலமாரியைப் பார்த்துக்கொண்டவர் பெண்ணாடத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஒரு அக்கா. என்னை விடப் பத்து வயது பெரியவர். என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். வெள்ளாற்றங்கரைப் பக்கம் அவரே தேடிப் பிடித்த ஒரு மண்ணில் பத்தொன்பது பீஸ் செய்திருந்தார். பலச் சோதனையில் அவை தேறினால் மின்கம்பத்துப் பீங்கானுக்கு அந்த மண் உதவும், அறிக்கையில் அவர் பெயரும் வரும். நோட்டுப் புத்தகம் முழுக்க அவர் கையெழுத்துதான். அந்த மண் எடுத்த குழியில் மழைக்குத் தண்ணீர் நின்றுவிட்டது, இனி மண் எடுக்க முடியாது என்று ஒருநாள் சொன்னார். நான் தலையை ஆட்டிவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

என் வேலை இதுதான். அக்கா நோட்டிலிருந்து எழுதித் தந்த ஒவ்வொரு அளவையும் ஒரு கார்டில் துளையிட்டு மெஷினுக்குள் கொடுக்க வேண்டும். உள்ளே எண்கள் ஒரு மரம் மாதிரி அடுக்கப்படும், முதல் கார்டு அந்த மரத்துக்கு வேர். அதைவிடக் குறைந்த எண் இடது கிளைக்குப் போகும், மற்றவை வலது கிளைக்கு. அடுத்தடுத்து வருகிற எண்ணும் வேரிலிருந்து இப்படியே இறங்கித் தன் இடத்தில் தொங்கும். எல்லாம் ஏறிய பிறகு, பத்துக்கும் பதிமூன்றுக்கும் வெளியே இருப்பதை வெட்டிவிட்டு மரத்தைச் சின்னதாக்க வேண்டும். பலச் சோதனை எண்களுக்கு மெஷினில் இடம் வேண்டியிருந்தது. வெட்டுகிற பகுதியை நான் பத்து வரிகளில் எழுதி முடித்து, அதற்காகவே என்னை நானே மெச்சிக்கொண்டேன். ஏழு கார்டு வைத்து ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். சரியாக வந்தது.

லிஸ்டை எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன். முப்பத்தெட்டு பீஸ் தேறியிருந்தது. லேப் தலைவரின் மேஜையில் விரித்து வைத்து, இதைக் கையால் செய்தால் எத்தனை நாள் ஆகும் தெரியுமா என்று பெருமையடித்துக்கொண்டிருந்தேன். அக்கா லிஸ்டை எடுத்துப் பார்த்தார். பிறகு நோட்டைக் கொண்டுவந்து பென்சிலால் டிக் அடித்து ஒவ்வொன்றாக எண்ணினார்.

"தம்பி, நான் எண்ணுனா எழுபத்தொண்ணு வருதுங்க. லிஸ்டு பதினொண்ணு புள்ளி எட்டுலதான் ஆரம்பிக்குது. பத்துக்கும் அதுக்கும் நடுவுல ஒண்ணுகூடவா இல்ல? என்னோடது பத்தொன்பதும் அங்கதான் இருக்குது."

இதைவிடத் தெளிவாக யாரும் ஒரு தவறைக் காட்டிவிட முடியாது. புரோகிராம் என்றால் என்னவென்றே தெரியாதவர், தவறு நடந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். நான் நோட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மெஷின் தப்புப் பண்ணாது, அளவை எழுதும்போது நீங்கள்தான் தப்பாக எழுதியிருப்பீர்கள் என்று தலைவர் காதில் விழும்படி சொன்னேன். அவர் அக்காவை ஒருமுறை பார்த்துவிட்டு லிஸ்டில் கையெழுத்துப் போட்டு, அதில் இல்லாததைக் காலையில் கிரஷருக்கு அனுப்பச் சொன்னார். அக்கா நோட்டை மூடி எடுத்துக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு மாமா வந்திருந்தார், என் கூடப்பிறந்த அக்காவின் புருஷன். அரிசி மண்டி வைத்திருப்பவர். அவரிடமும் பீற்றிக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. பிரிண்ட் தாளின் பின்பக்கத்தில் மரத்தை வரைந்து காட்டினேன். வேர் பதினொன்று புள்ளி எட்டு. அடுத்து வந்த கார்டு எட்டு புள்ளி ஒன்பது, அது இடது கிளை. பத்துக்குக் குறைவு, ஆகவே வெட்டு என்று பென்சிலால் ஒரு கோடு இழுத்தேன்.

"சரி, அதுல தொங்குறதெல்லாம் என்ன ஆவும்?" என்றார் மாமா.

எனக்குக் கை நின்றுவிட்டது. எட்டு புள்ளி ஒன்பதுக்கு இடப்பக்கம் தொங்குவதெல்லாம் அதைவிடக் குறைவு, போகட்டும். வலப்பக்கம் தொங்குபவை அதைவிடப் பெரியவை. பத்து, பத்தரை, பதினொன்று எல்லாம் அங்கேதான் இருந்தாக வேண்டும். எட்டு புள்ளி ஒன்பது இருந்த கணுவை எடுக்கும்போது அந்த வலது கிளையைத் தூக்கி அதே இடத்தில் ஒட்டி, அங்கே வந்தது பத்துக்குக் குறைவா என்று மறுபடியும் பார்த்திருக்க வேண்டும். நான் கிளையோடு சேர்த்து எறிந்திருந்தேன். பதிமூன்றுக்கு மேற்பட்ட கணுக்களிலும் இதே தப்பு, அங்கே போனது இரண்டு பீஸ். ஏழு கார்டில் அது தெரியாமல் போனதற்குக் காரணம், அதில் வெட்டுப்பட்டவை எல்லாம் நுனியில் இருந்தன, அவற்றில் எதுவும் தொங்கவில்லை.

மாமாவிடம் அதெல்லாம் மெஷின் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிச் சமாளித்தேன். மணி ஆறுதான் ஆகியிருந்தது. சைக்கிளை எடுத்திருந்தால் பத்து நிமிஷத்தில் தலைவர் வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உண்மையில் எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன், பீஸ்களைப் பற்றி யோசிக்கவே இல்லை. காலையிலும் நிதானமாகக் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, இரண்டாவது காபியும் குடித்துவிட்டு ஒன்பதரைக்குப் போனேன்.

கிரஷர் எட்டு மணிக்கே ஓட ஆரம்பித்திருந்தது. கொட்டகை வாசலில் காலித் தட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அக்கா ஒரு தட்டில் ஒட்டியிருந்த நம்பர் சீட்டுகளை நகத்தால் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தார். பத்தொன்பது சீட்டு. நான் நிற்பதைப் பார்த்து, உள்ளே வாங்க என்று மட்டும் சொன்னார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். உடைந்தது உடைந்ததுதான், ஆனால் தப்பு யாருடையது என்றாவது சொல்லியிருக்கலாம். தலைவரிடம் போய், கார்டுகளில் ஏதோ கோளாறு இருக்கிற மாதிரி தெரிகிறது, சரிபார்த்துப் புது லிஸ்ட் கொண்டுவருகிறேன் என்றேன். அவர் பெருமூச்சு விட்டு, அந்தப் பொம்பளையிடம் கவனமாக எழுதச் சொல்லி எத்தனை தடவை சொல்வது என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து இதை எழுதும்போதும் எனக்குக் காது சுடுகிறது.

மெட்ராஸில் நான்கு வரிகளை மாற்றினேன், அவ்வளவுதான். அதே கார்டுக் கட்டு, அதே வரிசை. ஒரு கார்டைக்கூடத் தொடவில்லை. இரண்டு வாரம் கழித்துப் புது லிஸ்டோடு வந்தபோது தலைவர் லீவில் இருந்தார். அக்காவிடம்தான் கொடுக்க வேண்டியிருந்தது. அவர் நின்றபடியே நோட்டைப் பிரித்து, பழைய டிக்குகளின் பக்கத்தில் இன்னொரு டிக் போட்டுக்கொண்டே வந்தார். கடைசி வரி வரைக்கும் நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எழுபத்தொண்ணு," என்றார்.

கார்டில் இருந்த தப்பைச் சரிபண்ணிவிட்டேன் என்றேன். அந்தப் பொய்க்கு அவசியமே இல்லை. தலைவர்கூட அங்கே இல்லை.

அவர் நோட்டை மூடினார். கோபமாகப் பேசவில்லை. அதுவரைக்கும் என்னை ஒருநாளும் சார் என்று கூப்பிட்டதில்லை.

"நான் எந்த அளவையும் மாத்தி எழுதித் தரலையே சார்."