அமலி சுட்ட நாற்பது உருளைக்கிழங்கு

நவம்பர் 9: உருளைக்கிழங்கு 2 கிலோ, 76 ரூபாய்.
நவம்பர் 13: உருளைக்கிழங்கு 2 கிலோ, 80 ரூபாய்.
நவம்பர் 18: உருளைக்கிழங்கு 3 கிலோ, 114 ரூபாய். அலுமினியத் தாள் ஒரு சுருள், 95 ரூபாய்.
நவம்பர் 25: உருளைக்கிழங்கு 3 கிலோ, 120 ரூபாய். மூஸாவின் டீக்கடையில் உடைந்த கிளாஸ் இரண்டு, 30 ரூபாய்.
டிசம்பர் 20: உருளைக்கிழங்கு 15 கிலோ, 555 ரூபாய்.

ஒரத்தநாடு பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் பேக்கரி வைத்திருக்கும் அமலிக்கு இந்த வருடம் நாற்பத்தேழு வயது. அப்பா கும்பகோணத்தில் ஒரு பேக்கரியில் மாவு பிசைந்தவர். கல்யாணமாகி வந்தபோது கணவர் ஆண்டனியின் வீட்டாருக்கு நகையைவிட மருமகள் போடும் பன் பெரிதாகத் தெரிந்தது. அன்றிலிருந்து இருபத்திரண்டு வருடங்களாக அவள் பன் சுடுகிறாள். நான் பக்கத்து வீட்டில் குடியிருக்கிறேன். பொதுப்பணித் துறையில் ஆற்று நீர்மட்டத்தை அளந்து குறிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அவளுடைய பன்னைத் தொட்டால் விரல் உள்ளே போய்த் திரும்பி வரும். மேல்தோல் மிருதுவாக இருப்பதுதான் அதன் பெருமை. அடுப்பிலிருந்து எடுத்ததும் வெண்ணெய் தடவுவாள். உடனே ஈரத்துணி போட்டு மூடுவாள். கை தானாகவே போகும். தும்மல் வந்தால் வாயை மூடுவது போல.

போன வருடம் பஸ் நிலையத்துக்கு எதிரே குளிர்சாதனம் போட்ட கேக் கடை ஒன்று திறந்தார்கள். பன் வியாபாரம் பாதியானது. அக்டோபர் கடைசியில் பட்டுக்கோட்டையிலிருந்து ஒருவர் வந்து டேப்பைப் பிடித்து அமலியின் ரொட்டி அடுப்பை, அந்த கேஸ் அவனை, நீள அகலம் அளந்துகொண்டு போனார். விற்பதா இல்லையா என்று பொங்கலுக்குள் முடிவு சொல்லச் சொன்னார். விற்றால் கடையும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் முதல் கடிதம் வந்தது. திருவையாறு பக்கம் ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு ரிசார்ட்டுக்குத் தினமும் ரொட்டியும் பன்னும் வேண்டும். ஆனால் அவர்களுடைய வெளிநாட்டு விருந்தினர்கள் முழு உருளைக்கிழங்கை அவனில் சுட்டு, நடுவில் பிளந்து, வெண்ணெய் போட்டுச் சாப்பிடுகிறவர்கள். தோல் மொறுமொறுவென்று இருக்க வேண்டும். டிசம்பர் 20 மாலை நாற்பது பேர் கொண்ட குழு வருகிறது. அன்று நாற்பது கிழங்கும் சரியாக வந்தால் ரொட்டி ஆர்டர் அமலிக்கு. ரிசார்ட்டின் உணவுப் பொறுப்பாளர் சான்ட்ரா என்ற நாகப்பட்டினத்துப் பெண். பேச்சு எல்லாம் போனில்தான். ஆனால் தலைமை அலுவலகம் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால்தான் அங்கே எதுவும் செல்லும்.

“உருளைக்கெழங்குதானே?” என்றார் ஆண்டனி. “மாவு பிசையணுமா, பொங்க வைக்கணுமா? உள்ள தள்ளுனா வெந்துட்டுப் போவுது.”

தள்ளினார்கள். முதல் தடவை, கடையில் அள்ளிப் போட்ட இரண்டு கிலோவும் 200 டிகிரியில் ஐம்பது நிமிடம். எலுமிச்சை அளவில் இருந்தவை சுருங்கி உள்ளே வறண்டு போயின. நூற்றைம்பது கிராம் இருந்தவை பதமாக இருந்தன. முந்நூறு கிராம் இருந்ததை ஆண்டனி கடித்தார். நடுவில் நறுக்கென்றது.

“வெளிய பொங்கல், உள்ள பச்சரிசி” என்றார்.

“எல்லாத்தையும் ஒரே நேரத்துல எடுத்தா அப்படித்தான். பெருசுக்குக் கூட நேரம் வேணும்.”

“நூத்தம்பதுக்கு அம்பது நிமிஷம்னா முந்நூறுக்கு நூறு நிமிஷம். இதுக்கு எதுக்குப் படிப்பு?”

இரண்டாம் தடவை முந்நூறு கிராம் கிழங்கு நூறு நிமிடம் உள்ளே இருந்தது. தோல் தேங்காய்ச் சிரட்டை போலானது. உள்ளே சதை தோலைவிட்டு விலகி வறண்டு நின்றது. அமலி இடையில் கம்பி குத்திப் பார்த்திருந்தாள். எழுபத்தைந்து நிமிடத்தில் கம்பி தடையில்லாமல் இறங்கியிருக்கிறது. எடை இரண்டு மடங்கானால் நேரம் ஒன்றரை மடங்குதான். இருநூறு கிராமுக்கு ஒரு மணி நேரம். ஒரு பவுண்டு ரொட்டிக்கும் இரண்டு பவுண்டு ரொட்டிக்கும் இப்படித்தானே என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆண்டனி தன் கணக்கு சரி என்றும் கிழங்குதான் தவறு என்றும் சொன்னார்.

மூன்றாம் தடவை அலுமினியத் தாள். ரிசார்ட்டில் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். ஒவ்வொன்றையும் கழுவி, ஈரத்தோடு சுற்றி வைத்தாள். வெந்தது. ஆனால் தோல் நனைந்த காகிதம் போல விரலோடு வந்தது.

“இது இட்லிப் பானைல வெச்ச கெழங்கு. ஆவியெல்லாம் உள்ளயே நின்னுடுச்சு” என்றாள் அமலி. அன்று மிஞ்சிய எட்டுக் கிழங்கும் என் வீட்டுக்கு வந்தன. அந்த மாதம் முழுவதும் தோற்ற கிழங்குகள் எல்லாம் என் வீட்டுக்குத்தான் வந்தன. வாயுத் தொல்லைக்கு ஓமவாட்டர் இரண்டு பாட்டில்.

நான்காம் தடவைக்கு முன் அவள் மாவு மேசையில் பன் தட்டையும் கிழங்குத் தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பிறகு சொன்னாள்: “ஏங்க, பன்னுக்கு என்னென்ன செய்யறனோ அத்தனையும் தலைகீழா செஞ்சு பாக்கறேன். அதுக்கு ஈரம் வேணும், இதுக்கு ஈரமே ஆவாது. அதைத் தட்டுல நெருக்கி வெப்பேன், இதைத் தள்ளித் தள்ளி வெக்கணும். அதை மூடுவேன், இதைத் தொறந்து போடணும்.”

கிழங்கைக் கழுவித் துணியால் துடைத்து, மின்விசிறிக்குக் கீழே காய வைத்தாள். எண்ணெய் பூசினாள், கல் உப்பைப் பொடித்துத் தடவினாள். கேஸ் அவனின் தரை கல்; அதில் பட்ட இடம் கருகும். அதனால் கேக் ஆற வைக்கும் கம்பித் தட்டில் வைத்தாள். கிழங்கிலிருந்து வரும் ஆவி வெளியேறப் பின்பக்க மூடியைத் திறந்து விட்டாள். எல்லாம் சரி. முள்கரண்டியால் குத்துவதை மட்டும் பதினொன்றில் ஒன்றுக்கு மறந்துவிட்டாள்.

அது உள்ளே வெடித்தது. சுவரை ஒட்டி டீக்கடை வைத்திருக்கும் மூஸா, சிலிண்டர் என்று நினைத்து, கையில் இருந்த இரண்டு கிளாஸையும் எறிந்துவிட்டுத் தெருமுனை வரை ஓடினார். டீ குடித்துக்கொண்டிருந்தவர்களும் ஓடினார்கள். அவர்களில் மூன்று பேர் காசு கொடுக்கத் திரும்பி வரவில்லை.

“தங்கச்சி, கெழங்கு சுடுறியா, கோட்டையப் புடிக்கிறியா?” என்றார் மூஸா, மூச்சு வாங்கியபடி.

“மன்னிச்சுக்குங்கண்ணே. மீதிப் பத்தும் நல்லா வந்திருக்கு, ஒண்ணு தின்னு பாருங்க.”

மூஸா நகத்தால் தோலைத் தட்டினார். டக்கென்றது. பிளந்தார். ஆவி எழுந்தது, உள்ளே மாவாக உதிர்ந்தது. கோபம் போய்விட்டது. இரண்டாவதும் எடுத்துக்கொண்டார். அதற்குள் அமலி மற்ற எட்டின் மேல் ஈரத்துணியைப் போட்டு மூடியிருந்தாள். பேச்சு முடிந்து திறந்தபோது எட்டும் நமுத்துப் போயிருந்தன.

“யார் மூடுனது?” என்றாள்.

ஆண்டனி அவள் கையைப் பார்த்தார்.

டிசம்பர் 20. மண்டியில் வாங்கிய பதினைந்து கிலோவில், புதிதாகப் பறித்து ஈரப்பசையோடு இருந்தவற்றை அமலி ஒதுக்கினாள். அவை குழம்புக்கு ஆகும், இதற்கு வழவழவென்று போகும். மீதியைத் தராசில் வைத்து மூன்று குவியலாக்கினாள். முந்நூறு கிராம் பன்னிரண்டு, இருநூறு இருபது, நூற்றைம்பது எட்டு. பெரியவை மூன்று மணிக்கு உள்ளே போயின. நடுத்தரம் மூன்றேகாலுக்கு, சின்னவை மூன்று இருபத்தைந்துக்கு. நாலேகாலுக்கு நாற்பதும் ஒன்றாக வெளியே வந்தன. தட்டினால் நாற்பதும் டக்கென்றன.

அகலமான மூங்கில் கூடைகள் நான்கில், கம்பித் தட்டு போட்டு அடுக்கினாள். ஒன்றோடொன்று படவில்லை. ஆண்டனியிடம் நாலு தடவை சொன்னாள்: “மூடக் கூடாது. தூசி விழுந்தாலும் பரவாயில்ல, மூடக் கூடாது. ஒங்க புத்தி எனக்குத் தெரியும்.”

“நான் வண்டி ஓட்டறவன். கெழங்குப் பக்கமே திரும்ப மாட்டேன்.”

ஓம்னி வேனில் அவர் ஓட்ட, நான் முன்னால், அமலி பின்னால் கூடைகளோடு, பன் துணி வாளியும் வழக்கம்போல அங்கேயே. தஞ்சாவூர் தாண்டியதும் நெல் ஏற்றிய லாரி ஒன்று முன்னால் போய்க்கொண்டே இருந்தது. சாலை வேலை வேறு, புழுதி. ஜன்னலை ஏற்றினோம். அமலி அதிகாலையிலிருந்து கிறிஸ்துமஸ் கேக் போட்ட களைப்பில் கண் அசந்தாள். ரிசார்ட் வாசலில் இறங்கிக் கதவைத் திறந்தபோது நான்கு கூடைகள் மேலும் பன் மூடும் ஈரத்துணி, ஓரம் மடித்து, அழகாக.

அமலி துணியைத் தூக்கினாள். வெந்நீர் வாசம் வந்தது. ஒன்றைத் தட்டினாள். சத்தமே இல்லை.

“ஏங்க...”

“நான் ரோட்டப் பாத்துக்கிட்டு வந்தேன். சார் சாட்சி” என்றார் ஆண்டனி. “ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருந்துச்சு.”

அவள் தன் கைகளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

சான்ட்ரா வந்து ஒன்றை அழுத்தினாள். “அக்கா, இது... ஏழரைக்கு உக்காருவாங்க. மணி அஞ்சே முக்கால்.”

“மேடம், ஒங்க பீட்சா அவனு சூடா இருக்கா?”

“இருக்கு. ஆனா திரும்ப ஒரு மணி நேரம் வெந்தா உள்ள காஞ்சிடாதா?”

“உள்ள வெந்தாச்சு மேடம். தோல்ல இருக்கற தண்ணி மட்டும்தான் போவணும்.”

ஏழு மணிக்குக் கிழங்குகளைத் துடைத்து, எண்ணெய் தொட்டுத் தடவி, 220 டிகிரியில், வெறும் கம்பியில், இடைவெளி விட்டு வைத்தாள். பதினைந்து நிமிடம். அவ்வளவு நேரமும் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுற்றி வைத்துக்கொண்டாள். எடுக்கும்போது மட்டும் வெளியே விட்டாள். டக். அடுத்தது டக். சான்ட்ரா வரிசையாகத் தட்டிக்கொண்டே போனாள். உடனே ஒவ்வொன்றையும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, ஓரங்களை அழுத்தி ஆவியை வெளியே விட்டாள் அமலி. தோலுக்குள்ளேயே நின்றால் அது மறுபடி ஈரம்தான். வெண்ணெய் போய் விழுந்தது.

கதவு இடுக்கில் நாங்கள் மூவரும் பார்த்தோம். வெள்ளைத்தாடிக்காரர் ஒருவர் உள்ளே இருந்ததை முழுதும் தின்றுவிட்டு, தோலை மட்டும் எடுத்து அப்பளம் போல நொறுக்கிச் சாப்பிட்டார். பிறகு பக்கத்து நாற்காலிக்காரி மிச்சம் வைத்த தோலைக் கேட்டு வாங்கினார்.

“பாத்தீங்களா?” என்றாள் அமலி.

“பாத்தேன். ஒன் கையக் கட்டி வெச்சா நீ நல்லா சுடுவ” என்றார் ஆண்டனி.

கிறிஸ்துமஸ் போயிற்று. புதுவருடம் போயிற்று. பட்டுக்கோட்டைக்காரர் இரண்டு தடவை போன் செய்தார். இரண்டு தடவையும் ஆண்டனி கேஸ் அவனுக்குள் தலையை விட்டுக்கொண்டு, சிக்னல் சரியில்லை என்றார்.

கடைசியில் தபால்காரர் பழுப்பு உறை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அமலியின் கையெல்லாம் மாவு. ஆண்டனி பிரித்து உரக்கப் படித்தார். தினமும் ரொட்டி முப்பது, பன் எண்பது. சனிக்கிழமைதோறும் சுட்ட உருளைக்கிழங்கு நாற்பது. கீழே சான்ட்ரா தன் கையால் ஒரு வரி எழுதியிருந்தாள்: பன்னை மூடி அனுப்பவும், கிழங்கை மூடாமல் அனுப்பவும். ஆண்டனி அந்த வரியை மட்டும் மூஸாவுக்குக் கேட்கும்படி இன்னொரு தடவை படித்தார். அதற்குள் அமலி பட்டுக்கோட்டை எண்ணைத் தேடிக்கொண்டிருந்தாள், விற்பதற்கில்லை என்று சொல்ல.

கடிதம் வந்து சேர்ந்த தேதி: ஜனவரி 8, வியாழக்கிழமை.