ஆறாவது படத்துக்கும் ஏழாவது படத்துக்கும் நடுவில்

செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் இருக்கும். அலுவலகக் கணினியில் பிரியாவிடைப் படத்தொகுப்பின் பதினோராவது படத்தைத் திறந்து வைத்திருந்தேன். பாக்கியம் அக்கா நாற்றுப்பண்ணையில் மழைத்தொப்பியோடு சிரிக்கும் படம். அதற்குக் கீழே நான் பேச வேண்டியதைத் தட்டிக்கொண்டிருந்தபோது அவருடைய மகள் கவிதாவிடமிருந்து அழைப்பு வந்தது. "அங்கிள், அம்மா எழுந்திரிக்கல," என்றாள். தூக்கத்திலேயே அக்கா போய்விட்டிருந்தார். வெள்ளிக்கிழமை அவருக்குப் பணி ஓய்வுப் பிரியாவிடை. இடையில் மூன்று நாள்தான் இருந்தது.

மலேசியாவில், கோலா கிளாவாங் பக்கத்து எங்கள் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் அவரை அறியாதவர் இல்லை. நாற்றுப்பண்ணையில் கூலியாகச் சேர்ந்து, மண்டோர் என்னும் கங்காணியாகி, கடைசியில் மேற்பார்வையாளராக ஓய்வு பெற இருந்தவர். நான் கணக்கும் சீட்டும் எழுதும் ஆபீஸ் கிராணி. என்னைவிட மூன்று வயது மூத்தவர் என்பதால் எனக்கு அக்கா. அவருக்கு நான் எப்போதும் "கிராணியாரே"தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நான் செருப்போடு பண்ணைச் சேற்றில் வழுக்கி விழுந்ததை முப்பது வருடம் கழித்தும் புது ஆள்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

ஓய்வு பெறுகிறவர்களுக்குச் சிரம்பான் தலைமை அலுவலகம் படத்தொகுப்பு ஒன்று தயாரித்து அனுப்பும். மனிதவளப் பிரிவில் இருக்கும் பிரியா என்ற பெண் பணிக்கோப்பைப் பார்த்துச் சேர்ந்த ஆண்டு, பதவி உயர்வு, நீண்டகாலச் சேவை விருது என்று வரிசையாகக் கட்டங்களில் போட்டுவிடுவாள். உடன் வேலை பார்த்த ஒருவர் அதை வைத்துப் பேச வேண்டும். இம்முறை நான்.

"ஸ்லைடுல உள்ளத அப்படியே வாசிக்காதீங்க அங்கிள்," என்று பிரியா போனில் சொன்னாள். "அத எல்லாரும் திரையிலயே படிச்சிடுவாங்க. ஒவ்வொரு ஸ்லைடுக்கும் ஒரு சம்பவம், ஒரு நிமிசம், அவ்ளோதான். கீழ நோட்ஸ் பெட்டியில எழுதிக்குங்க. அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

அப்படியே செய்தேன். சேர்ந்த ஆண்டுப் படத்துக்குச் செருப்புக் கதையைத் திருப்பி அவர் மேல் போட்டேன். மண்டோரான படத்துக்கு, தேறாத கன்றுகளைக் கழிக்கும்போது அவர் சொல்வதை எழுதினேன். "பாவம் பாத்தா இருவத்தஞ்சு வருசம் காய்க்காத மரம் நிக்கும்லா." புல் மாதிரி ஒடுங்கிய இலை, முறுக்கிய குருத்து, வளராத குட்டை என்று எது தென்பட்டாலும் கன்றுப் பையில் சிவப்பு மை அடித்துத் தனியே ஒதுக்கிவிடுவார். வங்காளதேசத்துப் பையன்களுக்கு அதை மலாயில் சொல்லிக்கொடுத்தது பத்தாவது படத்துக்குப் போயிற்று.

ஆறாவது படத்தில் மண்டோர் பதவி. ஏழாவதில் மேற்பார்வையாளர் பதவி. இரண்டுக்கும் நடுவில் பாலமாக ஒரு வரி எழுதினேன்: "இடைப்பட்ட ஆண்டுகளில் அமைதியாக உழைத்தார்." எழுதும்போது எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் கட்டங்களுக்கு நடுவிலுள்ள அம்புக்குறிகள் எல்லாம் ஒரே நீளம். ஓராண்டானாலும் ஏழாண்டானாலும் அந்த அச்சில் ஒரே இடைவெளிதான். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது என்று நினைத்தேன்.

தவறு ஏதாவது இருந்தால் திருத்தட்டும் என்று முந்தின வாரமே படங்களையும் பத்தாவது வரை எழுதியிருந்த பேச்சையும் அச்செடுத்து அவரிடம் கொடுத்தேன். பண்ணைக் கொட்டகையில் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். ஆறாவதில் விரலை வைத்தார்.

"இதென்னா, அமைதியா உழைச்சேன்னு போட்டிருக்கீங்க?"

"சும்மா ஒரு வரிக்கா."

"நான் அமைதியா இல்ல கிராணியாரே. கோவமா இருந்தேன். ஏழு வருசம்."

தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு குழாயைத் திறக்கப் போய்விட்டார்.

அந்த ஏழு ஆண்டின் உண்மைக் காரணம் இந்தத் தோட்டத்தில் அவருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். ஒருமுறை அவருடைய அம்மாவைச் சிரம்பான் மருத்துவமனையில் சேர்த்திருந்ததால் இரண்டு நாள் விடுப்பில் போயிருந்தார். அன்று லாரிக்குக் கன்று ஏற்ற நான் சீட்டு எழுதினேன். மூன்றாம் பாத்தி என்று எழுத வேண்டியவன் எட்டாம் பாத்தி என்று எழுதினேன். எட்டாம் பாத்தியில் இருந்தவை அவர் ஒதுக்கிய கழிசல் கன்றுகள். லாரிக்காரர்கள் புதிது. சிவப்பு மையின் பொருள் அவர்களுக்குத் தெரியாது. சீட்டைப் பார்த்து ஏற்றிக்கொண்டு போனார்கள். மண்ணில் வைத்தபின் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மூன்றாம் வருடம் பக்கத்து வரிசைகள் குலை தள்ளியபோதுதான் அந்தத் துண்டு மலடாய் நின்றது.

விசாரணையில் அவர்தான் முதலில் எழுந்தார். "கழிச்சத அன்னைக்கே வெட்டிப் போட்டிருக்கணும். போடாதது என் தப்பு, துவான்," என்று மேனேஜரிடம் சொன்னார். அதுவும் உண்மைதான். ஆனால் சீட்டை யாரும் கேட்கவில்லை. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை. அப்போது எனக்குக் கைக்குழந்தை, வேலை நிரந்தரமாகவில்லை. எச்சரிக்கைக் கடிதம் அவருடைய கோப்புக்குப் போயிற்று; அதனால் ஏழு ஆண்டு பதவி உயர்வு தள்ளிப்போயிற்று. சீட்டில் இருந்த என் கையெழுத்து அவருக்குத் தெரியும். ஒருநாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. நான் கோழை. அவர் கேட்காததையே மன்னிப்பாக எடுத்துக்கொண்டு இத்தனை வருடம் அவர் கொடுத்த தேநீரைக் குடித்தேன்.

அவர் விரல் வைத்த அன்று சாயங்காலமே அந்தச் சீட்டின் கார்பன் நகலை மேசையின் அடியறையிலிருந்து எடுத்தேன். ஸ்கேன் செய்து ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் புதுப் படமாகச் சேர்த்தேன். கீழ்ப்பெட்டியில் நடந்ததை எல்லாம் எழுதினேன். பண்ணைக்கு நடந்துபோய் அவரிடம் சொல்ல ஐந்து நிமிடம் போதும். நான் போகவில்லை. வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னிலையிலும் அவர் கேட்கட்டும் என்று வைத்துக்கொண்டேன். கை தட்டுவார்கள் என்ற நினைப்பும் எனக்கு இருந்தது. அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

வெள்ளிக்கிழமை, பிரியாவிடைக்கென்று ஏற்பாடு செய்திருந்த அதே மண்டபத்தில் அவருக்கு அஞ்சலி செலுத்தக் கூடினோம். பிரியா கடைசிப் படத்திலிருந்த வாழ்த்தை எடுத்துவிட்டு அவருடைய பெயரை மட்டும் வைத்திருந்தாள். ஆறு படங்கள் வரை எப்படியோ பேசினேன். சீட்டு திரையில் வந்தது. என் கையெழுத்தில் 'எட்டு' பெரிதாகத் தெரிந்தது. எழுதி வைத்ததைப் பார்க்காமல் சொன்னேன். யாரும் கை தட்டவில்லை. மருந்தடிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற முனியாண்டி அண்ணன் முன்வரிசையிலிருந்து, "அந்தம்மா இருக்கறப்பவே சொல்லியிருக்கலாம்லா கிராணி," என்றார். திட்டவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். மீதிப் படங்களைப் பிரியாதான் ஓட்டினாள்.

எல்லோரும் கலைந்தபின் கவிதா ஒரு மடித்த தாளை என்னிடம் கொடுத்தாள். "அம்மா பையில இருந்துச்சு, அங்கிள். உங்க பேச்சு." பென்சிலால் திருத்தியிருந்தார். செருப்புக் கதைக்குப் பக்கத்தில் "பொய்" என்று எழுதிச் சிரிக்கும் முகம் ஒன்று வரைந்திருந்தார். பத்தாவது படத்தில் விட்டுப்போன ஒரு பையனின் பெயரைச் சேர்த்திருந்தார். ஆறாவதின் கீழ் 'அமைதியாக' என்ற சொல்லை மட்டும் அடித்திருந்தார். அதற்குப் பதிலாக எந்தச் சொல்லும் எழுதவில்லை.

அந்த இடத்தை எனக்காக விட்டுவைத்தாரா, எழுத மனமில்லையா என்று இனிக் கேட்க முடியாது. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தத் தாள்தான். சீட்டு இருந்த அடியறையில் அதை வைக்கவில்லை. மேசைக் கண்ணாடிக்குக் கீழே, வருகிறவர் எல்லோரும் படிக்கும்படி வைத்திருக்கிறேன். யாராவது அடித்த சொல்லைக் காட்டிக் கேட்டால், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லிவிட்டு, எட்டாம் பாத்தியிலிருந்து தொடங்குகிறேன்.