ஸ்கேனர் மூடிய பிறகுதான் அப்பா பேசுவார்

வரும் திங்கட்கிழமை என் அப்பாவின் குரல்வளையை எடுக்கப் போகிறார்கள். புற்றுநோய். எடுத்த பிறகு கழுத்தில் போடும் துளை வழியாக மூச்சு விடுவார். பழகினால் ஏதோ ஒரு விதமாகப் பேசவும் முடியும், ஆனால் இந்தக் குரல் இருக்காது என்று சேலத்து டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். நான் மில்லில் லீவு போட்டுவிட்டு, ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு வெண்ணந்தூர் வந்து சேர்ந்தேன். அப்பாவிடம் ஒரு தகரப்பெட்டி நிறையப் பழைய போட்டோக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்யும்போதே அதன் கதையை அவர் குரலில் பதிவு செய்துவிட வேண்டும். எனக்குக் கேட்க வேண்டியது முக்கியமாக அம்மாவைப் பற்றி. எனக்கு மூன்று வயதாகும்போது காய்ச்சலில் போய்விட்ட அம்மாவை எனக்கு நினைவே இல்லை.

அப்பா பெயர் ரங்கன். இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம் சோறு போடாது என்று இருபது வயதில் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஏறியவர். ஹெல்பராகப் போய், டிரில்லராகி, முப்பது வருடம் ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போட்டார். ஊமை இல்லை. டீக்கடையில் உட்கார்ந்தால் கடைக்காரரே கடையைச் சாத்த முடியாது. அந்த நம்பிக்கையில்தான் மோசம் போனேன்.

முதல் நாள் முழுக்கச் சத்தத்தோடு சண்டை. பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. உள்ளறையில் உட்கார்ந்து, ஜன்னலுக்குப் போர்வை கட்டி, ஃபேனை நிறுத்தி, அப்பாவின் சட்டையில் ஃபோனோடு இணைத்த சின்ன மைக்கைக் குத்தினேன். கரண்ட் போனால் தறி நிற்கும், அருமையான அமைதி கிடைக்கும், ஸ்கேனரும் நின்றுவிடும். தலையில் அடித்துக்கொண்டேன். தறிச் சத்தத்தைப் போர்வை ஓரளவு அடக்கியது. ஆனால் ஸ்கேனர் ஓடும்போது அதன் உறுமல் அப்பாவின் கரகரத்த குரலை அப்படியே விழுங்கியது. ஒரு ஆப்பில் போட்டு அதை நீக்கிப் பார்த்தேன். உறுமல் போனது, அப்பா குரலும் டப்பாவுக்குள் இருந்து பேசுவதுபோல் ஆகிவிட்டது. சரி, ஸ்கேனர் ஓடும் நேரம் மட்டும் பதிவை நிறுத்தி வைப்போம் என்று முடிவு செய்தேன். அந்த முடிவை எடுத்தபோது எனக்கு என் மேலேயே ரொம்ப மரியாதை.

முறை இதுதான். போட்டோவின் ஓரத்தைப் பிடித்து எடுத்து, மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டி, பின்பக்கம் மூலையில் பென்சிலால் அழுத்தாமல் எண் போடுவேன். பேனா கூடாது, மை ஊறும். பதிவைத் தொடங்கி எண்ணைச் சொல்வேன், அப்போதுதான் பிறகு எந்தக் குரல் எந்தப் படத்துக்கு என்று குழம்பாது. பிறகு போட்டோவை அப்பா கையில் கொடுத்துக் கேட்பேன்.

“படம் பதினேழு. இது எந்த ஊருங்கப்பா?”

“ராய்ப்பூர் பக்கம். ஐந்நூறு அடி. கேசிங் எழுவது. தண்ணி இல்ல.”

“பக்கத்துல நிக்கறது யாருங்க?”

“ஆளுக.”

இவ்வளவுதான். எல்லாப் படத்துக்கும் இதேதான். எத்தனை அடி, எத்தனை அடி கேசிங் குழாய், எத்தனை இஞ்சு தண்ணீர். போர் போட்டதற்கு பில் எழுதுகிறவர் மாதிரி ஒப்பிப்பார். நான் பதிவை நிறுத்தி, போட்டோவைக் கண்ணாடியில் கவிழ்த்து, மூடியை மூடி, பட்டனை அழுத்துவேன். அப்புறம் நாங்கள் இருவரும் சும்மா உட்கார்ந்திருப்போம். அந்த நேரத்தில் அவர் ஏதாவது பேசிக்கொண்டிருப்பார்.

அந்தப் பதினேழாம் படத்துக்கு என்ன பேசினார் தெரியுமா? தண்ணீர் வரவில்லை என்றதும் ஊர்க்காரர்கள் லாரிச் சக்கரத்துக்கு முன்னால் படுத்துக்கொண்டார்களாம். இன்னும் நூறடி இறக்கு, இல்லாவிட்டால் எங்கள் மேல் ஏற்றிக்கொண்டு போ என்று. அப்பாவுக்கு இந்தி தெரியாது, சமாதானம் சொல்லத் தெரியவில்லை. வண்டியை அணைத்துவிட்டு இறங்கி, அவரும் போய் அவர்கள் பக்கத்தில் படுத்துக்கொண்டாராம். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் சிரித்துவிட்டார்களாம். நானும் சிரித்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கோப்புகளுக்குப் பெயர் வைக்க உட்கார்ந்தபோதுதான் பதினேழைத் தேடினேன். ஐந்நூறு அடி, கேசிங் எழுபது, தண்ணி இல்லை, ஆளுக. முடிந்தது. படுத்த கதை இல்லை. ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டேன். எதிலும் ஒரு கதையும் இல்லை. போட்டோ கையில் இருக்கும்வரை அதில் தெரிகிற வண்டியையும் குழாயையும்தான் அவர் பார்க்கிறார். போட்டோ மூடிக்கு அடியில் போன பிறகுதான் அதில் தெரியாததெல்லாம் அவருக்குத் தெரிகிறது. சரியாக அந்த நேரம் பார்த்து நான் பதிவை நிறுத்தியிருக்கிறேன். எந்தப் புத்திசாலி செய்வாள் இந்த வேலையை? ஃபோனைச் சுவரில் எறியலாம் போல இருந்தது.

மறுநாள் காலையில் அப்பாவிடம் கெஞ்சினேன். அந்தக் கதைகளை இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று.

“ஏஞ்சாமி, போட்ட போர மறுக்காவா போடுவாங்க?” என்றார். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. தொண்டை வலி வேறு. சத்தம் போட்டுப் பேசக்கூடாது என்று சொல்லியிருந்த டாக்டரைத் துணைக்கு இழுத்துக்கொண்டார். எனக்கு வந்த கோபத்தில் காபியைச் சூடாக்காமலே கொண்டுவந்து வைத்தேன்.

மிச்சம் இருந்த படங்களுக்குப் பதிவை நிறுத்தவே இல்லை. உறுமினால் உறுமட்டும். ஸ்கேனரை மேசையிலிருந்து இறக்கி, தரையில் ஒரு ஜமுக்காளத்தை நாலாக மடித்து அதன் மேல் வைத்தேன். மேசை அதிர்வாவது குறையும். அறுநூறு டிபிஐ துல்லியம் இந்தப் படங்களுக்குத் தாராளம். நான் ஆயிரத்து இருநூறு வைத்தேன். கோப்பு பெரிதாகும், படம் ஒன்றும் பிரமாதமாக மாறிவிடாது. ஆனால் உள்ளே விளக்கு மெதுவாக நகரும். அப்பாவுக்கு அந்த நேரம் வேண்டும். நான் “ம்” கொட்டுவதையும் விட்டேன். என் குரல் அவர் குரல் மேல் ஏறி விழுகிறது. தலையை மட்டும் ஆட்டினேன்.

அம்மா படம் ஒன்றே ஒன்றுதான். ஒட்டும் தாள் ஆல்பத்தில் பிடித்துக்கொண்டிருந்தது. பல் இடுக்கில் விடுகிற மெழுகு நூலை அடியில் விட்டு அறுத்து அறுத்து எடுத்தேன். புது ரிக் வண்டி, மாலை, எலுமிச்சம்பழம், பக்கத்தில் அப்பா. அம்மா பொன்னாயி என்னைத் தூக்கிக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பியிருக்கிறாள். அப்பா ரொம்ப நேரம் பார்த்தார்.

“வண்டிக்குப் பூச போட்டன்னிக்கு. அவ்வளவுதான்,” என்று திருப்பிக் கொடுத்தார்.

கவிழ்த்து வைத்து மூடினேன். விளக்கு நகர ஆரம்பித்தது. அப்பா மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கோவத்துல திரும்பிக்கிட்டா. நீ பொறந்து ஏழு மாசங்கழிச்சுத்தான நான் ஊட்டுக்கு வந்தேன். பூசாரிகிட்டப் பேசுனா, டிரைவர்கிட்டப் பேசுனா. எங்கிட்ட மட்டும் பேசல.” எச்சில் விழுங்கினார். “மூணா நாளு சோத்தப் போட்டுட்டு, உப்புப் பத்துதான்னு கேட்டா.”

விளக்கு முனைக்குப் போய்த் திரும்பியது. ஸ்கேனர் நின்றுவிட்டது. அவரும் நிறுத்திவிட்டார். எடு என்று கையைக் காட்டினார்.

நான் எடுக்கவில்லை. மறுபடியும் பட்டனை அழுத்தினேன்.

“எதுக்கு இன்னொருக்கா?”

“சரியா உழுகலீங்கப்பா,” என்று பொய் சொன்னேன்.

விளக்கு நகர்ந்தது.

“அவ கேட்டதெல்லாம் நெனப்பிருக்குது சாமி. கொரலுதான் வர மாட்டேங்குது. நாப்பது வருசமா நெனச்சு நெனச்சுப் பாக்கறேன். எப்பிடிப் பேசுவான்னே தெரியல.” சட்டையில் இருந்த மைக்கைத் தொட்டுப் பார்த்தார். “இதெல்லாம் அப்ப இல்லியே.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. பதிவில் விழுந்துவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.