மச்சினன் பெயர் பட்டியலில் இல்லை

என் தம்பிக்குப் பிள்ளை பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவன் இன்னும் அதன் முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளை ஒன்றும் சிங்கப்பூரில் இல்லை. இருந்தது கந்தர்வக்கோட்டையில், அவன் மாமியார் வீட்டில். புதுக்கோட்டையில் காலை பஸ் ஏறினால் மத்தியானச் சோற்றுக்குப் போய்விடலாம். ஆனால் போய்வர ஒரு முழு நாள் வேண்டும். அந்த ஒரு நாளைத்தான் என் வீட்டுக்காரர் தரவில்லை.

புதுக்கோட்டை சமஸ்தானம் போய் சர்க்காருடன் சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்த காலம். எங்களுக்குக் கடைவீதியில் ஒரு சலூன். முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவே ஒரு திரை. இரண்டு நாற்காலி: ஒன்று அவருக்கு, ஒன்று என் தம்பிக்கு. தம்பி அதே ஊரில் மச்சுவாடியில் தனியாக ஒரு அறை எடுத்துக் குடித்தனம் நடத்தினான். விடிந்து ஆறு மணிக்குக் கடைக்கு வந்தால் இரவு ஒன்பதுக்குத்தான் போவான். பகலில் கூட்டம் இருக்காது. இருந்தாலும் நகரக் கூடாது. ஆள் வந்து நாற்காலி காலியாக நின்றால் எதிர்த்த கடைக்குப் போய்விடுவார்கள் என்று அவருக்குப் பயம்.

செவ்வாய்க்கிழமை யாரும் முடி வெட்ட மாட்டார்கள், அதனால் கடை அடைப்பு. அடைப்பு என்றால் வாசல் பலகை மட்டும்தான் அடைப்பு. உள்ளே தம்பி சவரக்கத்தி தீட்டுவான், முடி வெட்டும் மிஷினுக்கு எண்ணெய் விடுவான், கண்ணாடி துடைப்பான். முடி வெட்டும்போது போர்த்தும் போர்வைத் துணிகளை வெளுப்பது என் வேலை. என் வீட்டுக்காரர் அதை விடுமுறை என்று மனசாரச் சொல்வார். அவர் கெட்டவர் இல்லை. தானும் பதினைந்து மணி நேரம் நின்றவர். அந்த நியாயம்தான் எனக்கு எரிச்சல் மூட்டும்.

"ஆடி போகட்டும் மாப்ள, பார்த்துட்டு வரலாம்" என்றார். ஆடி போனது. "தீபாவளி முடியட்டும்" என்றார். தம்பி தலையாட்டினான். அவன் ஊமை இல்லை. அக்காள் வாழ்க்கை கெட்டுவிடக் கூடாதே என்று வாயைக் கட்டியிருந்தான். அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் லேபர் இன்ஸ்பெக்டர் வந்தார். கடைகளுக்கான சட்டம் என்று தமிழில் அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்து, வாரத்தில் எந்த நாள் கடை அடைப்பு என்று எழுதிக் கண்ணில் படும்படி மாட்டச் சொன்னார். அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரருக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். தாள் என்னிடம் வந்தது. நான் அஞ்சாவது வரை படித்தவள்.

அடுப்படியில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டி வாசித்தேன். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். வாரத்துக்கு நாற்பத்தெட்டு. நாலு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் நடுவே ஒரு மணி நேரம் ஓய்வு.

"அதெல்லாம் வெளியாளுக்கு. மாப்ள நம்ம வீட்டு ஆளு" என்றார் அவர்.

வீட்டு ஆளைப் பற்றியும் அதில் இருந்தது. முதலாளியோடு குடியிருந்து அவர் சோற்றை நம்பியிருக்கும் கணவன், மனைவி, மகன், மகள், தகப்பன், தாய், சகோதரன், சகோதரி. இந்தப் பட்டியலில் இருப்பவர்கள் மட்டும் வேலையாள் கணக்கில் வரமாட்டார்கள்.

"மச்சினன்னு எங்கங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"சகோதரன்னு போட்டிருக்குல்ல? அவன் எனக்குத் தம்பி மாதிரி."

"மாதிரின்னு போடலைங்க."

அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தபோது நான் திரைக்குப் பின்னால் நிற்கவில்லை. தாளைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குள்ளேயே வந்துவிட்டேன். தம்பி தரையைப் பார்த்தான். என் வீட்டுக்காரர் என்னை முறைத்தார். முறைக்கட்டும் என்று, தனியாகக் குடியிருக்கும் மச்சினன் வேலையாளா இல்லையா என்று கேட்டுவிட்டேன்.

"வேலையாள்தான்" என்றார் இன்ஸ்பெக்டர். "தனிக் குடித்தனம் வேற இருக்காரு. சந்தேகமே இல்லீங்க."

"ஐயா, சும்மா உக்காந்திருக்கிற நேரம்தாங்க பாதி" என்றார் என் வீட்டுக்காரர். "மத்தியானம் பூரா பேப்பர்தான் படிக்கிறான்."

"அந்த நேரத்துல அவர் வீட்டுக்குப் போகலாமா?"

"போனா எப்படிங்க? ஆளு வந்துட்டா?"

"அப்ப அது ஓய்வு இல்லீங்க, வேலை. போக விட்டாத்தான் ஓய்வு. ஓய்வையும் சேர்த்து, காலையில வந்ததுலேர்ந்து கடைசியா போற வரைக்கும் பன்னெண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது."

என் வீட்டுக்காரர் அடுத்ததாகக் கூலிக்கு வந்தார். நெல் மில்லுக்கும் பஸ்காரர்களுக்கும் சர்க்கார் குறைந்தபட்சக் கூலி வைக்கிறார்களாமே, சலூனுக்கும் உண்டா என்று கேட்டார். அந்தப் பட்டியலில் சலூன் இன்னும் வரவில்லை, இப்போதைக்குக் கூலி நீங்கள் இருவரும் பேசிக்கொள்வதுதான் என்றார் இன்ஸ்பெக்டர். என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்து என் பக்கம் திரும்பினார். நான் கண்டுகொள்ளவில்லை.

"ஆனா எட்டு மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கினா, மேற்கொண்ட நேரத்துக்கு ரெட்டிப்புக் கூலி. அதுவும் சேர்த்து ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம், வாரத்துக்கு அம்பத்துநாலு. அதுக்கு மேல கூடாது."

"தீபாவளி நேரத்துல மூணு பங்கு கூலி குடுத்துடுறேங்க. பதினோராவது மணி நேரத்துக்கு..."

"பதினோராவது மணி நேரத்துக்குக் கூலிப் பேச்சே கிடையாது. வேலையே வாங்கக் கூடாது."

நான் செவ்வாய்க்கிழமையைக் கேட்டேன். கடை அடைத்த நாளில் கத்தி தீட்டச் சொல்வதும் வேலைதான், கூடாது என்றார். அந்த நாளுக்குக் கூலியையும் பிடிக்கக் கூடாதாம். தம்பி அப்போதுதான் தலையைத் தூக்கினான்.

எல்லாம் கேட்டபின் எனக்கு ஒன்று பாக்கி இருந்தது. "அந்தத் துணி வெளுக்கிறது, வெந்நி போடுறது எல்லாம் நான்தாங்க. எனக்கு எத்தனை மணி நேரம்?"

இன்ஸ்பெக்டர் என் கையில் இருந்த தாளைப் பார்த்தார். "நீங்க மனைவி. அந்தச் சட்டம் ஒங்களுக்கு வராதும்மா."

வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவராகவே கணக்குப் போட்டார். ஆறிலிருந்து எட்டு வரை அவர் ஒருவரே பார்ப்பார். தம்பி எட்டு மணிக்கு வந்து பன்னிரண்டுக்குப் போய், மறுபடி நாலு மணிக்கு வந்து எட்டுக்குக் கிளம்புவான். கட்டாயத்துக்குச் செய்தாலும் ஒழுங்காகச் செய்கிற மனுஷர்தான். "செவ்வாய் விடுமுறை" என்று அட்டையில் நான் எழுதினேன், அவர் ஆணி அடித்தார். கோபத்தில் நாலு ஆணி அடித்தார்.

முதல் செவ்வாய் விடிந்தது. தம்பி வெள்ளை வேட்டி கட்டி, ஒரு கிலுகிலுப்பையோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் சொல்லிக்கொள்ள வந்தான். அதே நேரம் வீட்டுக்காரர் துணி மூட்டையையும் கத்திப் பெட்டியையும் என் முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

"மாப்ளக்குத்தான் லீவு. இந்தா புள்ள, நீ பட்டியல்ல இருக்கியே."

சிரிப்போடுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டு மணி நேரம் என்றும் நாற்பத்தெட்டு என்றும் அத்தனையையும் எழுத்துக் கூட்டி வாசித்தவள் நான். அதில் ஒரு மணி நேரம்கூட எனக்கு இல்லை.

வெளுத்த சேலை ஒன்றை எடுத்துக் கட்டினேன். "தம்பி, நில்லுடா. நானும் வாரேன்" என்றேன்.

"நீ எந்தச் சட்டத்துல போற?" என்று அவர் கேட்டார்.

"எனக்குத்தான் சட்டமே வரலையே. யாரைக் கேக்கணும்?"

கந்தர்வக்கோட்டையில் பிள்ளை தகப்பனைப் பார்த்து வீறிட்டு அழுதது. புது ஆள் என்று பயம். தம்பி அதைக் கீழே விடவே இல்லை. அது அழுது ஓய்ந்து தோளிலேயே தூங்குகிற வரை நடந்துகொண்டே இருந்தான்.

நாங்கள் திரும்பி வந்தபோது கொடியில் போர்வைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. சரியாக அலசவில்லை, ஓரமெல்லாம் சோப்பு. நான் அதைத் திரும்ப அலசவில்லை. அடுத்த செவ்வாயும் அவரே வெளுத்தார்.